கையில் இரும்பு இருந்தும் விழுந்தவர்

மல்லசமுத்திரத்து லாரிக்காரர் தீனதயாளன் மயக்கத்தில் நிபுணர். மனைவி ஸ்ரீதேவி கல்யாணமான நாள் முதல் மயங்கி விழுகிறவர். கோயில் வரிசையில் வெகுநேரம் நின்றால் வியர்க்கும், குமட்டும், கண் இருளும். "ஏனுங்க, வருதுங்க" என்று தகவல் சொல்லிவிட்டுத்தான் சாய்வார். இரும்பைப் பிடித்தால் மயக்கம் தெளியும் என்று தீனதயாளன் உடனே லாரியின் வீல் ஸ்பானரை அவர் கையில் திணிப்பார். படுத்த சற்று நேரத்தில் தெளிந்துவிடும். புகழ் முழுவதும் ஸ்பானருக்கு.

சேலத்து இதய மருத்துவமனைக்கும் அதைப் பையில் வைத்துக்கொண்டுதான் மனைவியோடு வந்திருந்தார். ஈசிஜியும் எக்கோவும் சரியாக இருந்ததால், டாக்டர் பிரீத்தி, மயக்கத்தை வரவழைத்துப் பார்க்கும் சாய்வு மேசைப் பரிசோதனைக்கு எழுதியிருந்தார்.

ஸ்ரீதேவியை மேசையில் படுக்கவைத்துப் பட்டை கட்டினார்கள். நெஞ்சில் ஒயர், கையில் பிரஷர் பட்டை. மேசையை ஏறக்குறைய நிற்கும் நிலைக்கு உயர்த்தினார்கள். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. ஸ்ரீதேவி நர்ஸிடம் ஊர்க்கதை பேசினார். பிறகு நாக்கடியில் மருந்து அடித்தார்கள். கதை பாதியில் நின்றது.

"அதேதானுங்க, வருது."

திரையில் பிரஷரும் நாடியும் இறங்கின, தலை தொங்கியது. மேசையைப் படுக்கையாக்கியதும் கண் திறந்தார். ஸ்பானர் பைக்குள்ளேயே இருந்தது. தீனதயாளனுக்கு அதில் வருத்தம்.

"இது நரம்பு பண்ற குறும்பு. தண்ணி நெறையக் குடிங்க. வர்ற மாதிரி இருந்தா உடனே படுத்துக் காலைத் தூக்கி வைங்க" என்றார் டாக்டர்.

"இரும்பு வேண்டாங்களா?"

"வேண்டாம்."

"அதானே. போன மாசம் இவரு வீல் நட்டு முறுக்கறப்பப் பொத்துனு உழுந்தாரு. ஸ்பானர் கையிலயேதான் இருந்துச்சு" என்று ஸ்ரீதேவி கணவரைக் குத்தினார்.

டாக்டர் சிரிக்கவில்லை. "முன்னாடி வேர்த்துச்சா, கண்ணு இருட்டுச்சா?"

"ஒண்ணுமில்லீங்க டாக்டரம்மா. உழுந்ததே தெரியல, நெத்தி ஒடஞ்சு எந்திரிச்சேன். பசிதானுங்க."

"வீட்ல யாராவது சின்ன வயசுலயே திடீர்னு போனாங்களா?"

"எங்கப்பா. கரும்பு வெட்டறப்ப. நல்ல சாவுன்னு ஊரே சொல்லுச்சுங்க."

டாக்டர் அவர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து வெகுநேரம் கேட்டார். "வேலை செய்யறப்ப, எந்த அறிகுறியும் இல்லாம விழுந்திருக்கீங்க. அப்பாவும் அப்படிப் போயிருக்காரு. இது இவங்களுக்கு வர்ற மாதிரி மயக்கம் இல்லீங்க. இதயத்துலேர்ந்து வந்திருக்கலாம்."

"அப்ப என்னையும் அந்த மேசையில ஏத்திப் பாத்துருங்க. சாயங்காலம் லோடு இருக்குது."

"அதுல உங்களுக்கும் மயக்கம் வந்துட்டா, இது சாதாரணமானதுன்னு எல்லாரும் நிம்மதியா வீட்டுக்குப் போயிருவோம். அதான் பயம். மொதல்ல இதயத்தைப் பாக்கணும்."

பார்த்தார்கள். இதயத்தின் தசை தடித்து, ரத்தம் வெளியேறும் வழியை அடைத்துக்கொண்டிருந்தது. வண்டி ஓட்டக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, இதயத் துடிப்பைக் கண்காணிக்க உடனே அட்மிட் ஆகவேண்டும் என்றார் டாக்டர். நோயாளியாக வந்த ஸ்ரீதேவி துணைக்கு இருப்பவராகி, கேன்டீனில் காபி வாங்கி வந்தார்.

ஒயர்களோடு படுத்திருந்த கணவரைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் இரும்புக்காகப் பையைத் துழாவி, கைக்கு அகப்பட்ட லாரிச் சாவிக்கொத்தை அவர் கையில் திணித்தார்.

தீனதயாளன் அதைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். பிறகு மனைவியிடமே நீட்டினார்.

"கொண்டுபோய் ஊட்டுல மாட்டி வையி. லோடு இல்லேன்னு போன் பண்ணிரு."