பிழைத்தவளின் மரண வாக்குமூலம்

கோவை கோர்ட்டில் பன்னிரண்டு வருடம் கிரிமினல் கேஸ் நடத்திய திமிர் எனக்கு உண்டு. சிவில் நீதிபதி தேர்வுக்கு என்னோடு சேர்ந்து படித்தவள் காரமடைக்காரி. ஒரு சீனியர் ஆபீசில் மனு எழுதுவாள். ஒரு சாட்சியைக்கூட விசாரித்ததில்லை. எனக்கு இன்னும் இரண்டு முறை எழுத வயது இருந்தது. என்னைவிட மூத்தவளான அவளுக்கு அதுதான் கடைசி; கோர்ட்டில் நான் சீனியர் என்பதால் என்னை அக்கா என்பாள்.

ஒரு மத்தியானம் பார் லைப்ரரியில் மாதிரித் தாள் போட்டுக்கொண்டிருந்தோம். ஒரு கேள்வி. தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடக்கும் பெண், சாகப்போகிறோம் என்று நினைத்து, கொளுத்தியவன் இன்னான் என மாஜிஸ்திரேட்டிடம் சொல்கிறாள். பிறகு பிழைத்து, கோர்ட்டுக்கே வந்து சாட்சி சொல்கிறாள். அந்த வாக்குமூலம் எதற்கு ஆகும்?

முதல் விடை: ‘மரண வாக்குமூலம், செவிவழிச் சாட்சியத் தடைக்கு விதிவிலக்கு.’ கோர்ட்டுக்கு வெளியே சொன்னது சாட்சியாகாது என்ற தடையைத் தாண்டி அதையே சாட்சியமாக ஏற்கலாம் என்று அர்த்தம். படித்த கையோடு டிக் அடித்தேன். அவள் நான்கு விடைகளையும் உள்ளங்கையால் மூடிக்கொண்டு கேள்வியை மறுபடி படித்தாள்.

“ஏனுங்க அக்கா, சொன்னவ செத்திருந்தாத்தானுங்க அந்த விதிவிலக்கு? இவதான் கூண்டுலயே நிக்கறாளே. இப்ப சொல்றதோட அது ஒத்துப்போகுதா, முரணா இருக்குதான்னு காட்டத்தானுங்க ஆகும். மூணாவதுங்க.”

எனக்குச் சுருக்கென்றது. “இந்த மாதிரி கேஸ் கட்டு எத்தன பாத்திருக்கேன் தெரியுமா? மரண வாக்குமூலம்னுதான் போட்டிருக்கும். கோர்ட்ல நிக்காதவ எனக்குச் சொல்லிக் குடுக்க வந்துட்டா!”

அவள் முகம் சுண்டிப்போனது. “செரிங்க அக்கா,” என்று அடுத்த கேள்விக்குப் போனாள்.

அவள் வாயை அடைக்கத்தான் அன்று சாயங்காலம் ஆபீசில் பழைய கட்டு ஒன்றை இறக்கினேன். அட்டவணையில் ‘மரண வாக்குமூலம்’ என்றே இருந்தது. முதல் சாட்சி, அதைக் கொடுத்த அதே பெண். நானே அவளைக் குறுக்கு விசாரணை செய்திருக்கிறேன்! மாஜிஸ்திரேட் எழுதிய அன்று ஒட்டிய பெயர். பிழைத்த பிறகும் யாரும் மாற்றவில்லை. எங்கள் கோர்ட்டு வழக்கம் அது. சாகப்போகிறோம் என்று அவள் நினைத்தாளா என்பது நம் சட்டத்தில் தேவையே இல்லை. செத்தாளா என்பதுதான் முதல் கேள்வி. ஆளை ஏமாற்றத்தான் கேள்வியில் அந்த வரியை வைத்திருந்தார்கள்.

மறுநாள் அவளிடம் இதைச் சொல்லவில்லை. கௌரவம் தடுத்தது, வேறென்ன.

தேர்வில் அதே மாதிரி கேள்வி வந்தது. தீக்காயத்துக்குப் பதில் கத்திக்குத்து. நான் விடைகளைக் கையால் மூடிக்கொண்டேன்.

ரிசல்ட் அன்று அவளேதான் கூப்பிட்டாள். “உங்க நம்பர் இருக்குதுங்க அக்கா. நானே பாத்தேன்.”

“உன்னுது?”

“ஒரே கேள்வியில போயிருச்சுங்க. ஆன்சர் கீயப் பாத்தேனுங்க, அந்தக் கத்திக்குத்து கேள்விதான். மூணாவதுதானுங்க போடப் போனேன். பன்னண்டு வருசம் பாத்தவங்க சொன்னாங்களேன்னு முதல் விடையப் போட்டுப்போட்டேன். நீங்க எதுங்க போட்டீங்க?”

“மூணாவது,” என்றேன்.