சுருங்கிப்போன 163 பக்கங்கள்

2023 நவம்பர் 14, செவ்வாய், காலை 9.40. துறைமுகத்தின் மேல் அடைமழை. நான் பராமரிக்கும் ஓய்வூதியர் சங்க இணையத்தளத்தில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்திக் கமிட் செய்தேன், அதாவது மாற்றத்தைச் சேமித்துப் பதிந்தேன். தளத்தைச் செய்துதந்த பெண், ஒவ்வொரு கமிட்டின்போதும் படங்களைத் தானாகச் சுருக்கும் ஏற்பாட்டை முதல்நாள்தான் சேர்த்திருந்தாள். மூன்று நிமிடத்தில் தளத்தில் ஏற்றியிருந்த 163 சேவைப் பதிவேட்டுப் பக்கங்களின் படங்களும் எண்ணூறு பிக்சல் அகலத்துக்குக் குறைந்து, புதிய கமிட்டாகப் பதிவாகின. பெயர்களை வாசிக்க முடியவில்லை. அந்தப் பக்கங்களைக் காட்டித்தான் நாற்பத்தொரு துறைமுகத் தொழிலாளர் ஓய்வூதியம் கேட்டிருந்தார்கள்.

அவளிடம் கேட்கக் கோபம் விடவில்லை. மூலத்தாள்கள் அவரவர் வீடுகளில் இருந்தன. பாலையூற்று, சீனன்குடா என்று ஒன்பது நாள் முச்சக்கரவண்டியில் அலைந்து, எல்லாவற்றையும் கடையில் மறுபடி ஸ்கான் செய்தேன். பத்தாம் நாள் அவளைத் திட்டுவதற்கென்றே அவளது அலுவலகத்துக்குப் போய் நடந்ததையெல்லாம் கொட்டினேன்.

"ஐயா, பழைய கமிட்டில, மாத்தத்துக்கு முந்தின பதிவில, முழுப் படமும் அப்படியே கிடக்கு. எனக்கு ஒரு போன்கோல் எடுத்திருக்கலாமே?"

"எடுத்திருந்தா?"

"ரெண்டு நிமிச வேலை. நீங்கள் ஒன்பது நாள் ஊர் சுத்திப் பாத்திருக்கிறியள்."

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அவள் படங்களை மீட்டு, பதிவேட்டுப் படங்கள் இருந்த கோப்புறையை மட்டும் சுருக்காமல் விடும்படி ஏற்பாட்டைத் திருத்தினாள். வண்டிக்கும் ஸ்கானுக்குமாக நான் கொடுத்தது 23,280 ரூபா.