அம்மாவின் பத்தொன்பது லாரிகள்

அப்பா முப்பது வருடம் ஈப்போவிலிருந்து தஞ்சோங் மாலிம் வரை பஸ் ஓட்டியவர். முழங்கால் அறுவைக்குப் பிறகு க்ளட்ச் மிதிக்க முடியாமல் வேலையை விட்டார். வீட்டில் வெறுமனே உட்கார்ந்திருந்தவருக்கு நான்தான் என் பழைய கம்ப்யூட்டரில் லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்றை ஏற்றி, மேசையில் ஒரு ஸ்டீயரிங்கும் பொருத்திக் கொடுத்தேன். நாலு வருடத்தில் அவர் திரைக்குள் ஒரு கம்பெனியே நடத்தினார். பன்னிரண்டு லாரி, மூன்று டிப்போ.

போன வருடம் அந்தக் கம்ப்யூட்டரின் ஹார்ட்டிஸ்க் 'டொக் டொக்' என்று சத்தம் போட ஆரம்பித்தது. கோப்பெங்கில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கம்ப்யூட்டர் கடைக்காரர் பார்த்துவிட்டு, "அக்கா, இது தாங்காது லா. புது எஸ்எஸ்டி டிஸ்க் போட்டு, விண்டோஸ் புதுசா ஏத்தணும். போட்டோ, டாக்குமெண்ட் இருந்தா முதல்ல எடுத்துக்குங்க. கேம் சேவ், அதான் விளையாடிச் சேர்த்ததெல்லாம், எங்க இருக்கும்னு எனக்குத் தெரியாது" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அப்பாவின் முகம் வாடிவிட்டது.

"அப்போ என் லாரி எல்லாம் போயிடுமா?"

"போகாதுப்பா. நான் எடுத்து வைக்கிறேன்."

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் பயம்தான். அந்த விளையாட்டில் தானாக இணையத்தில் சேமிக்கும் வசதியை யாரும் போட்டிருக்கவில்லை. இருப்பதெல்லாம் சாகப்போகிற அந்த டிஸ்க்கில்தான்.

சனிக்கிழமை காலை அப்பா நடைக்குப் போனதும் உட்கார்ந்தேன். டாக்குமெண்ட்ஸுக்குள் விளையாட்டின் பெயரில் ஒரு ஃபோல்டர். அதற்குள் 'புரொஃபைல்ஸ்'. அதற்குள் எண்ணும் எழுத்துமாக நீளமான பெயர் கொண்ட ஒரே ஒரு ஃபோல்டர். அதுதான் அப்பாவின் நாலு வருடம். 'புரொஃபைல்ஸ்' ஃபோல்டரை முழுசாக பென்டிரைவில் போட்டேன். டிஸ்க் முனகிக்கொண்டே கொடுத்தது.

அதோடு எழுந்திருக்கலாம். ஆனாலும் மனசு கேட்காமல் சி டிரைவில் 'யூஸர்ஸ்' ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். அப்பாவின் கணக்கு ஒன்று. அதன் கீழே நான் காலேஜில் படித்தபோது போட்டு வைத்த என் கணக்கு. திறக்க அனுமதி கேட்டது, கொடுத்தேன். என் டாக்குமெண்ட்ஸுக்குள்ளும் அதே விளையாட்டின் ஃபோல்டர் இருந்தது. நான் ஒரு நாளும் அதை விளையாடியதில்லை. கடைசியாக மாற்றப்பட்ட தேதியைப் பார்த்தேன். நேற்று.

"அம்மா!"

சமையலறையிலிருந்து வந்த அம்மா, திரையைப் பார்த்ததும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"இது யாரும்மா விளையாடுறது?"

"நாந்தான். அவரு காலையில நடக்கப் போவார்ல, அந்த நேரத்துல. உன் பேர அமுக்கினா பாஸ்வேர்டு கேக்காம திறந்துச்சு. அப்பாகிட்ட சொல்லிடாதே."

அம்மாவுக்கு லைசென்ஸ் கிடையாது. கல்யாணமான புதிதில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டபோது, "உனக்கெதுக்கு? நான்தான் இருக்கேன்ல" என்று அப்பா சிரித்துத் தள்ளிவிட்டாராம்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருசமாச்சு. என்னோடதையும் எடுத்து வை, மா."

எடுத்தேன். அப்பாவின் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு எழுந்திருந்தால், அம்மாவின் இரண்டு வருடம் ஓசையில்லாமல் போயிருக்கும்.

திங்கட்கிழமை புது டிஸ்க்குடன் கம்ப்யூட்டர் வந்தது. அம்மாவை ஓரமாக அழைத்து, "உனக்குத் தனிக் கணக்கு போடவா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார்.

"வேணாம். ரெண்டையும் ஒரே இடத்துல போடு. எத்தனை நாளைக்கு ஒளிஞ்சு ஓட்டுறது?"

விளையாட்டை ஏற்றி, ஒரு தடவை திறந்து மூடினேன். புது டாக்குமெண்ட்ஸில் ஃபோல்டர் உண்டானது. சேவ்களை அதில் ஒட்டிவிட்டுத் திரும்பத் திறந்தால், புதிதாக ஓட்டுநர் பெயர் கேட்டது. பழைய பெயர் ஒன்றுகூட இல்லை. பின்னால் நின்ற அப்பா, "சரி, விடு மா. போனது போகட்டும்" என்றார். அந்தக் குரலைக் கேட்க முடியவில்லை.

விளையாட்டை மூடி, மறுபடி ஃபோல்டரைப் பார்த்தேன். அவசரத்தில் 'புரொஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள்ளேயே இன்னொரு 'புரொஃபைல்ஸ்' ஒட்டியிருந்தேன். உள்ளே இருந்த இரண்டு நீளப்பெயர் ஃபோல்டர்களையும் ஒரு படி மேலே நகர்த்தினேன். திறந்தேன்.

மேலே அப்பாவின் பெயர். கீழே அம்மாவின் பெயர்.

"வந்துருச்சு!" என்று கத்தியே விட்டேன்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "கீழ யாரு இது?"

"திறந்து பாருங்களேன்" என்றார் அம்மா.

பத்தொன்பது லாரி. ஐந்து டிப்போ. அப்பா ஒருமுறை திரையைப் பார்த்தார், ஒருமுறை அம்மாவைப் பார்த்தார். அவர் முகத்தில் வந்தது கோபமா என்று எனக்குப் புரியவில்லை.

"டிரெய்லர ரிவர்ஸ்ல விடத் தெரியுமா உனக்கு? நானே அது வந்தா செய்யாம தாண்டித்தான் போவேன்."

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டார். ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்து, ஒரு நீண்ட டிரெய்லரை இரண்டு லாரிகளுக்கு நடுவே பின்னால் தள்ளி, உரசாமல், நிறுத்தாமல், ஒரே வளைவில் கோட்டுக்குள் கொண்டுபோய் வைத்தார்.

"அடியேய்!" என்று அப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். வாசலில் செருப்பு விட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்காவைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டார்: "உள்ள வந்து பாரு மா, என் வீட்டுக்காரி ஓட்டுறத!"