ரஞ்சிதக்காவின் ஒண்ணேகால்

செஞ்சிக் கோட்டை நிற்கிற ராஜகிரி மலையைப் படி போட்டு விற்றால், ரஞ்சிதக்கா பாதி மலையை வாங்கிக்கொண்டு மீதிக் காசுக்குக் கேழ்வரகு கேட்பார். அந்தக் காலத்தில் கோட்டையை முற்றுகை போட்டவர்கள் வருஷக்கணக்கில் வெயிலில் காய்ந்திருக்கவே வேண்டாம். அக்காவைப் பேரம் பேச அனுப்பியிருந்தால் சாயங்காலத்துக்குள் சாவி கைக்கு வந்திருக்கும்.

நான் எட்டாவதோடு படிப்பை முடித்துக்கொண்டவன். செஞ்சி கடைத்தெருவில் அப்துல் சுக்கூர் பாய் தானியக் கடையில் படி அளக்கிறேன். நான் எட்டாவதில் தவறியபோது மார்க்கு எவ்வளவு என்று கேட்காத ஒரே ஆள் ரஞ்சிதக்கா. கேட்காமல் ஒரு கிண்ணம் வேர்க்கடலை, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, கொடுத்தார்.

அக்கா மண்டியில் மல்லாட்டை உடைக்கிறவர். கூலியிலிருந்து சனிக்கிழமைதோறும் ஆறு ரூபாய் அறுபது பைசா எடுத்துவைப்பார். ரூபாய்க்குப் படி என்று அரிசி ஐந்து படி. அரை ரூபாய்க்குப் படி என்று கேழ்வரகு இரண்டு. மிச்சம் அறுபது பைசா பஸ் டப்பாவுக்கு. அந்த டப்பாதான் அக்காவுக்கு உயிர். மகள் மீனம்பாளை மேல்மலையனூரில் கட்டிக்கொடுத்திருந்தார். அமாவாசைக்கு அமாவாசை பஸ் ஏறிப் போய்ப் பார்ப்பார். இப்போது மீனம்பாளுக்கு எட்டாம் மாசம்.

போன மாதம் அரிசி படி ஒண்ணேகால் ரூபாய் ஆனது. கேழ்வரகு அசையவில்லை.

அந்தச் சனிக்கிழமை அக்கா பையை நீட்டினார். "அரிசி மூணு. கேவுரு அஞ்சு."

"இன்னாக்கா, வீட்டுல குதிர கட்டியிருக்கியா?"

"ஒங்க மாமாதான் குதிர. களியப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்குது."

மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர் கோவிந்தசாமி. நான் மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். டப்பாவுக்கு முப்பத்தஞ்சு பைசாதான் மிஞ்சும். இப்படியே போனால் மாதாமாதம் போன பஸ் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆகிவிடும். பிள்ளை பிறந்து தவழ்ந்தே செஞ்சிக்கு வந்துவிடும்.

விலை ஏறினதால் பழைய ஐந்து படிக்கு அக்காவுக்கு எவ்வளவு குறைகிறது? படிக்கு இருபத்தைந்து. ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டேன். ஒண்ணேகால் ரூபாய். அதைக் கொடுத்துவிட்டால் அக்கா பழைய அக்கா ஆகிவிடுவார்: ஐந்து படி அரிசி, இரண்டு படி கேழ்வரகு, டப்பாவுக்கு அறுபது. கையில் கொடுத்தால் அறைவார். அடுத்த வாரம் என் கூலியிலிருந்து எடுத்துக் காகிதத்தில் சுருட்டி, பையின் அடியில் போட்டு, மேலே கேழ்வரகைக் கொட்டிவிட்டேன்.

பையில் கிடந்த காசை மாமாதான் பீடிக்காசில் மிச்சம்பிடித்து வைத்தார் என்று தெருவில் பேச்சு. அவர் இல்லையென்று சொல்லவில்லை. இரண்டு நாள் மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார்.

இந்தச் சனிக்கிழமை ஐந்து படிக்குத் தயாராக நின்றேன்.

"அரிசி நாலு. கேவுரு நாலு," என்றார் அக்கா.

"நாலா? அஞ்சு இல்லியா?"

"எதுக்கு அஞ்சு?"

"மாமா காசு குடுத்துச்சாமே."

"கையில காசு வந்தா அரிசி வெல எறங்கிடுமாடா? முன்ன ஒரு படி அரிசிய விட்டா ரெண்டு படி கேவுரு. இப்ப ரெண்டரப் படி. சும்மா விடுவாங்களா? காசே வரலன்னா மூணோட நின்னிருப்பேன். வந்ததால நாலு. இதுலயே டப்பாவுக்கு எம்பத்தஞ்சு நிக்குது. மீனாவப் பாக்கப் போறப்ப வெறுங்கையா போவ வேணாம்."

என் ஒண்ணேகாலில் ஐந்தாவது படி எங்கே போனது என்று இப்போதுதான் தெரிந்தது. கேழ்வரகிலும் டப்பாவிலும் உட்கார்ந்திருந்தது. பழையபடியே வாங்கும் அளவுக்கு நான் கொடுத்தேன். அக்கா அதைவிடத் தனக்குப் பிடித்ததை வாங்கினார். சந்தோஷமாகத்தான் இருந்தது, கொஞ்சம் எரிச்சலும்.

எங்கள் கடையில் முதல் படியை ஒன்று என்று எண்ணக்கூடாது. லாபம் என்றுதான் சொல்ல வேண்டும். அப்புறம் ரெண்டு, மூணு. மூன்று வருஷமாக வாய் தானாகவே சொல்லும். அன்றைக்கு முதல் படியைப் பையில் கவிழ்த்தபடி சத்தமாகச் சொன்னேன்:

"ஒண்ணேகால்."

பாய் பேரேட்டிலிருந்து தலையைத் தூக்கினார். அக்கா பையின் வாயைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தார்.

"லாபம் எங்கடா போச்சு?"

"வெலய சொன்னேங்கா. படி ஒண்ணேகால் தானே."

"ஓகோ. அப்ப ரெண்டாவது படிக்கு ரெண்டரையா?"

அடுத்த படியை அள்ளக் குனிந்தேன். அக்கா இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்து, கசங்கிய காகிதத் துண்டு ஒன்றை எடுத்து, அரிசிக் குவியலின் மேல் விரித்து வைத்தார். பென்சிலில் என் கோணல் எழுத்து. 5 x 25 = 125.

"ஒங்க மாமாவுக்கு வாய்ப்பாடு ரெண்டுக்கு மேல வராது," என்றார் அக்கா. "மொதல்லேர்ந்து எண்ணு."