கண்ணு பாக்கோணும்

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தவர்கள்: வெள்ளகோவிலிலிருந்து ஒரு வேன் நிறைய அண்ணியின் பிறந்த வீட்டார், சிங்காநல்லூர் மில்லில் டைம்கீப்பராக இருந்த மாமா, ஜாதகப் பையோடு ஒரு கல்யாணத் தரகர் (எங்கள் வீட்டில் அப்போது யாருக்கும் கல்யாணம் இல்லை, ஆனால் இலை போடும் இடமெல்லாம் அவர் இருப்பார்), கிணத்துக்கடவு போட்டோ ஸ்டுடியோக்காரர், சமையல்காரர் இருவர், அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, நான். வந்திருக்க வேண்டியவர்களில் வராதவர் ஒருவர்தான். கண் டாக்டர். அவரை யாரும் அழைக்கவில்லை. அழைக்க வேண்டும் என்பதே எங்களுக்குத் தெரியாது.

விசேஷம் என்னவென்றால், அண்ணனின் மகளைப் பார்ப்பது. பிறந்து நாற்பத்தோரு நாள் ஆகியிருந்தது. ஏழாம் மாதச் சீருக்கு வளையல் வாங்கி வைத்திருந்தபோதே, வளையலுக்குக் காத்திராமல், முப்பதாவது வாரத்தில் ஒன்றேகால் கிலோவாக வந்துவிட்டவள். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் இருபத்தைந்து நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் ஆக்சிஜனோடு கிடந்தாள். பெற்றவர்கள் இருவரைத் தவிர ஒருவரையும் உள்ளே விடவில்லை. வெள்ளகோவில்காரர்கள் இரண்டு முறை வந்து, கதவு வரை பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். எங்கள் பக்கத்தில் இதைவிடப் பெரிய அவமானம் பந்தியில் எழுப்பிவிடுவதுதான்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில், குழந்தையை வளர்த்து ஆளாக்கிய நர்ஸ் அக்கா வாசல் வரை வந்து சொன்னார்: “நாலு வாரம் ஆகறப்பக் கண்ணு பாக்கோணுங்க. மறந்துபோடாதீங்க.”

எங்கள் பக்கம் தொட்டில் குழந்தையும் கண்ணுதான், கல்லூரிக்குப் போகிற தடியனும் கண்ணுதான், முகத்தில் இருப்பதும் கண்ணுதான். அம்மாவுக்கு அந்தச் சொல் தெளிவாகவே விளங்கியது. நாலு வாரம் ஆனால் சொந்தபந்தம் வந்து கண்ணுவைப் பார்க்கலாம். ஆஸ்பத்திரியே அனுமதி கொடுத்துவிட்டது.

கையில் ஒரு சீட்டும் கொடுத்தார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான், அப்போது பி.காம். இரண்டாம் ஆண்டு. மருந்துப் புட்டி, மின்வாரிய நோட்டீஸ், உர மூட்டை என்று ஆங்கிலத்தில் வீட்டுக்குள் எது வந்தாலும் என்னிடம்தான் வரும். சீட்டின் கடைசி வரியில் ‘ஆர்.ஓ.பி., நாலு வாரம்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. தெரியவில்லை என்று சொல்வது எனக்குப் பழக்கமில்லை. ஒரு நொடி யோசித்து, “ரிவ்யூ ஓ.பி.” என்றேன். “ஏதாச்சும் தொந்தரவுன்னா ஓ.பி.-ல வந்து காட்டச் சொல்றாங்க. வழக்கமா எழுதறதுதான்.”

“தொந்தரவு ஒண்ணுமில்லியே. தொட்டில் கிழியற மாதிரி கத்தறா,” என்றான் அண்ணன். சீட்டு சாமி படத்துக்குப் பின்னால் போயிற்று.

நாலாம் வாரத்து ஞாயிறு கரிநாள். அடுத்த ஞாயிறு வெள்ளகோவில் வேன் வேறொரு கல்யாணத்துக்குப் போய்விட்டது. அதற்கடுத்ததுதான் நாற்பத்தோராம் நாள். ஒரு குழந்தையின் கண்ணுக்கு இரண்டு வாரத்தில் என்ன ஆகிவிடும் என்று கேட்க ஆளில்லாததால், பதில் சொல்லவும் ஆளில்லை.

பன்னிரண்டு மணிக்குப் பந்தி. போட்டோக்காரர் பளிச்சென்று ஃபிளாஷ் அடித்தார். குழந்தை முகத்தைச் சுளித்தது. “பாத்தீங்களா, பார்வை எத்தன தெளிவு!” என்றார் மில் மாமா. தரகர் உடனே, இந்தப் பார்வைக்கு இருபது வருஷம் கழித்து வரும் மாப்பிள்ளை எந்த ஊர் என்று சொல்லத் தயாரானார்.

இரண்டு மணி வாக்கில், டியூட்டி முடிந்து, கையில் ஒரு கிலுகிலுப்பையோடு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார் அந்த நர்ஸ் அக்கா. அம்மாதான் அவரைக் கூப்பிட்டிருந்தாள்.

“ஏனுங்க, கண்ணு பாத்தாச்சுங்களா?” என்றார் வந்ததும்.

“எல்லாரும் பாத்துப்போட்டோம் அம்மணி. நீங்கதான் பாக்கோணும். வாங்க, தொட்டில்ல கெடக்குது,” என்றாள் அம்மா.

“அதில்லீங்க. கண்ணு பாத்தாச்சான்னு கேட்டேன்.”

“அதத்தான் சொல்றேன். வெள்ளகோயில்காரங்க பாத்தாங்க, மில்லு அண்ணன் பாத்தாரு, போட்டோக்காரருகூடப் பாத்தாரு.”

“டாக்டரு என்னங்க சொன்னாரு?”

அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. “டாக்டருக்குச் சொல்லி உடலீங்களே. அவரும் வரோணும்னு இருந்தாருங்களா?”

அக்கா மோர் டம்ளரைத் தரையில் வைத்தார். ஆள்காட்டி விரலால் தன் கண்ணின் கீழ் இமையைத் தொட்டுக் காட்டினார். “இந்தக் கண்ணுங்க.”

பேச்சுச் சத்தம் பந்தி முனையிலிருந்து ஒவ்வொரு இலையாக அடங்கியது. மில் மாமா மட்டும் எழுந்து டார்ச்சை எடுத்துவந்து குழந்தையின் முகத்தில் அடித்தார். “பாருங்க, கூசுது. கண்ணுக்கு ஒண்ணுமில்ல.”

“வெளிய இருந்து பாத்தா ஒண்ணுமே தெரியாதுங்க. கண்ணுக்குப் பொறத்தால, உள்ள, விழித்திரைன்னு ஒண்ணு இருக்குது. கொறமாசத்துல பொறந்த புள்ளைக்கு அங்க கோளாறு வரும். மருந்து ஊத்திப் பாத்தாத்தான் தெரியும். சீட்டுல எழுதிக் குடுத்தமே?”

சாமி படத்துக்குப் பின்னாலிருந்து சீட்டு வந்தது. அக்கா கடைசி வரியில் விரலை வைத்தார். “ஆர்.ஓ.பி. இதுதான் அந்த நோவு. படிக்கத் தெரிஞ்சவங்க ஒருத்தருமே இல்லீங்களா ஊட்ல?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் வாழ்வில் அத்தனை பேர் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தது அதற்கு முன் பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றுதான்.

மில் மாமா விரல் விட்டு எண்ணினார். “நாலு வாரம்னா இருபத்தெட்டு. பதிமூணு நாள் லேட்டு. மில்லுல இத்தன லேட்டுன்னா கேட்டப் பூட்டிருவோம்.”

“இங்கயும் பூட்டுமுங்க. பூட்டியாச்சான்னு பாத்தாத்தான் தெரியும்,” என்றார் அக்கா. “நாளைக்குக் காலைல மொத ஆளாப் போயிருங்க.” பாயசம் குடிக்காமலே கிளம்பிவிட்டார். பாயசம் வேண்டாம் என்று ஒருவர் சொல்லி, அம்மா வற்புறுத்தாமல் இருந்தது அன்று மட்டும்தான்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கெல்லாம் கோயமுத்தூர் கண் ஆஸ்பத்திரியில் இருந்தோம். அண்ணன், அண்ணி, நான், துணைக்கு மில் மாமா. கண்ணின் கருமணி விரியச் சொட்டு மருந்து விட்டார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, மூன்று தரம். பிறகு டாக்டரம்மா நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு கண்ணாடிவில்லையோடு குனிந்தார். இமை மூடாமலிருக்க ஒரு சின்னக் கம்பி வைத்தார்கள். குழந்தை அலறியது. அண்ணி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். டாக்டரம்மா இரண்டு கண்ணையும் பார்த்து முடித்து, விளக்கை அணைத்துவிட்டு, அண்ணனைப் பார்த்துக் கேட்டார்: “நீங்க என்ன பண்றீங்க?”

“தென்னந்தோப்புங்க. கொஞ்சம் வாய்க்கால் பாசனம்.”

“அப்பச் சொல்றது சுலபம். கண்ணுக்குள்ள ரத்தக்குழாய் நடுவுல இருந்து கெளம்பி ஓரத்துக்கு வளரும். வாய்க்கால் தண்ணி மாதிரி. கடைமடைக்குப் போய்ச்சேர முழுசா பத்து மாசம் வேணும். இவ ஏழுலயே வந்துட்டா. தண்ணி பாதி வழியில நின்னுபோச்சு. மூச்சுக்காகக் குடுத்த ஆக்சிஜனும் வளர்ச்சியத் தாமதப்படுத்தும். அப்புறம் என்னாகும்? கடைமடைக்காரன் தண்ணி தண்ணின்னு கத்துவான். அந்தச் சத்தத்துக்குக் கண்டபடி புதுசாக் குழாய் கிளம்பும். ஒழுங்கில்லாம, மேடு கட்டி, கசியற குழாய். அது சுருங்கி இழுத்தா விழித்திரையே பிஞ்சு வந்துரும். வந்துட்டா அப்புறம் பெருசாச் செய்ய ஒண்ணுமில்ல.”

“அந்த ஆக்சிஜனக் குடுக்காம இருந்திருந்தா?” என்றார் மாமா.

“கண்ணு பாக்க இங்க புள்ளையே வந்திருக்காதுங்க.”

“பிஞ்சு வந்துருச்சுங்களா?” என்று கேட்டான் அண்ணன்.

“இல்ல. மேடு கட்டிருச்சு, குழாயெல்லாம் வீங்கி முறுக்கிட்டு நிக்குது. ரெண்டு கண்ணுலயும். இன்னும் பிரியல. நாளைக்கே லேசர் வெக்கோணும். ஒரு வாரம் கழிச்சு வந்திருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்னு தெரியாது.”

“லேசரு எங்க வெப்பீங்க?”

“குழாய் போகாத ஓரத்துல. அந்த இடத்தச் சுட்டுட்டாக் கத்தறது நின்னுரும். கெட்ட குழாய் தானா வத்திப்போகும். ஓரப் பார்வை கொஞ்சம் குறையலாம். நடுப் பார்வை நிக்கும்.”

“அப்படின்னா, கடைமடைக்காரன் கத்தாம இருக்கோணும்னு அவன் நெலத்தையே சுட்டுப்போடறீங்க,” என்றான் அண்ணன்.

“ஆமாங்க.”

“எங்கூர்ல பல வருசமா அதானுங்க நடக்குது. அங்க யாருக்கும் பார்வ வரல.”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். அண்ணன் சிரிக்கவில்லை.

மாமா தொண்டையைச் செருமினார். “நாளைக்குச் செவ்வாக்கெழமைங்க. புதன் ஆனாப் பரவாயில்லீங்களா?”

“இந்த நிலைமைக்கு வந்தபிறகு ரெண்டு மூணு நாளுக்குள்ள வெச்சாகோணும். நீங்க ஏற்கனவே பதிமூணு நாள் நல்ல நேரம் பாத்துட்டீங்க.”

சம்மதப் படிவம் வந்தது. ஆங்கிலம். பழக்கத்தில் நான் கை நீட்டினேன். அண்ணன் காகிதத்தை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி டாக்டரம்மாவிடம் கொடுத்தான். “நீங்களே படிச்சுச் சொல்லிருங்கம்மா. தம்பி படிச்சாச் சீக்கிரம் முடிஞ்சுருது.” அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் இதை நான் எழுத வேண்டியே இருந்திருக்காது.

அவர் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். பலிக்கும் என்று உறுதி கிடையாது, மறுபடி வைக்க வேண்டி வரலாம், வாரா வாரம் வர வேண்டும், பின்னாளில் கண்ணாடி தேவைப்படலாம். அண்ணன் தனக்குத் தெரிந்த ஒரே எழுத்தான தன் பெயரை, எழுத்து எழுத்தாக, கோட்டின்மேல் நிறுத்தினான்.

செவ்வாய்க்கிழமை, மயக்க டாக்டரும் குழந்தை டாக்டரும் பக்கத்தில் நிற்க, டாக்டரம்மா அதே நெற்றி விளக்கின் வழியாக இரண்டு கண்ணுக்கும் லேசர் வைத்தார். இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. வெளியே பெஞ்சில் மாமா வாட்சைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது முறுக்கு தளர்ந்திருந்தது. அடுத்த வாரம் குழாய்கள் வற்றத் தொடங்கியிருந்தன. “கடைமடை அமைதியா இருக்குது,” என்றார் டாக்டரம்மா. அண்ணி அந்த அறையில் முதல்முறையாகக் குழந்தை இருந்த பக்கம் திரும்பி நின்று பார்த்தாள்.

அதன்பின் எங்கள் சொந்தத்தில் யார் வீட்டிலாவது குறைமாதப் பிள்ளை பிறந்தால் அம்மா முதலில் போய்ச் சேர்ந்து, கண்ணின் கீழ் இமையைத் தொட்டுக் காட்டி, “இந்தக் கண்ணுங்க, பொறந்த நாள்ல இருந்து எண்ணோணும், ஊட்டுக்கு வந்த நாள்ல இருந்து இல்ல,” என்பாள். கூடவே, “படிச்சவங்களக் கேக்காதீங்க,” என்றும் சேர்த்துக்கொள்வாள். மில் மாமா அந்தக் கதையிலிருந்து தன் டார்ச்சை எடுத்துவிட்டார். இப்போது அவர்தான் நாள் எண்ணிக் கண்டுபிடித்தவர்.

போன மாதம் அவளுக்கு மூன்று வயது முடிந்தது. ஒரு வயதிலேயே கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி வந்துவிட்டது. பின்னால் எலாஸ்டிக் வைத்துக் கட்டியது. சாப்பிட உட்கார்ந்தவள், என் தட்டை எட்டிப் பார்த்து, “சித்தப்பா, சோத்துல எறும்பு,” என்றாள். நான் குனிந்து பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. விரலால் எடுத்துக் காட்டினாள். எறும்புதான். கால்கூட ஆடிக்கொண்டிருந்தது.

அண்ணன் பக்கத்தில் இருந்தான். “படிச்சவனுக்குச் சின்னதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது கண்ணு,” என்றான். அந்த விஷயத்தில் அவன் என்னிடம் சொன்ன ஒரே வசை.

விருந்துக்கு வேன், சமையல், போட்டோ எல்லாம் சேர்த்துப் பதினோராயிரத்து இருநூறு. அது கண்ணுவைப் பார்த்த செலவு. கண்ணைப் பார்த்த செலவை, லேசர், மயக்க மருந்து, சொட்டு மருந்து, அத்தனை முறை பஸ் சார்ஜ், போன மாதம் மாற்றிய கண்ணாடி வரை, அண்ணன் சொல்லச் சொல்ல நான்தான் எழுதிக் கூட்டினேன். ஏழாயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய்.