ரத்த உறைவுத் தாளும் நான் சொல்லித்தந்த ‘இல்லை’யும்

இதை எழுதலாமா என்று பல வருடம் யோசித்துத் தள்ளிப்போட்டேன். வெட்கம்தான் காரணம். “நீங்க செஞ்ச கூத்த நீங்களே எழுதுங்க” என்று என் மனைவி சொன்ன பிறகுதான் உட்கார்ந்தேன்.

தொண்ணூறுகளில் நாங்கள் புக்கிட் காத்தில் என்ற ஊரில் குடியிருந்தோம். எனக்குச் சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் ஸ்டோரில் வேலை. நாற்பத்தேழு வயதில் என் மனைவிக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு வியாழக்கிழமை குறித்துக் கொடுத்தார்கள். அந்தத் தேதியைக் கோயில் குருக்களிடம் காட்டினேன். அதைவிட நல்ல நாள் அந்த மாதத்தில் இல்லை என்றார். முருகனே பார்த்துக் கொடுத்த நாள் என்று நினைத்துவிட்டேன்.

அங்கேதான் என் புத்தி கெட்டது. இரண்டாவது பிள்ளை பிறந்தபோது நாங்கள் டுரியான் துங்கால் பக்கம் எஸ்டேட்டில் இருந்தோம். அப்போது அவளுடைய இடது கால் தொடைவரை வீங்கிப்போய், ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்துவிட்டது என்று மாதக்கணக்கில் மருந்து கொடுத்தார்கள். அதைச் சொன்னால் ஆப்பரேஷனைத் தள்ளிவிடுவார்கள், நாள் போய்விடும் என்று பயந்தேன். “எதக் கேட்டாலும் இல்லன்னு சொல்லிரு” என்று காரிலேயே அவளுக்குப் பாடம் நடத்தினேன்.

புதன்கிழமை காலை வார்டில் சேர்ந்ததும் பயிற்சி டாக்டர் ஒருவர் வந்தார். கையில் ஒரு புதுத் தாள். ஆப்பரேஷனுக்கு வருகிறவர்களுக்கு ரத்தம் உறையும் ஆபத்து எவ்வளவு என்று பார்க்கும் தாளாம். வயது, எடை, என்ன ஆப்பரேஷன், முன்பு காலில் ரத்தம் உறைந்ததா என்று வரிசையாகக் கேள்விகள். கீழே ஆபத்துக்கு ஏற்றபடி என்ன செய்ய வேண்டும் என்று இருந்தது. அந்த மகராசனுக்கு அதையெல்லாம் படிக்க நேரமில்லை. “முன்னால காலு வீங்கியிருக்கா?” என்று ஒரே ஒரு கேள்வி. அவள் என்னைப் பார்த்துவிட்டு, “இல்லங்க” என்றாள். ‘இல்லை’ என்ற பக்கம் மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாகப் போட்டார். ஆபத்து குறைவு, சீக்கிரம் எழுந்து நடந்தால் போதும் என்று கையெழுத்து. வீட்டுக் கணக்குப் பாடத்தைக் காப்பியடிக்கிற பையனாவது இன்னும் கொஞ்சம் சிரமப்படுவான். நானோ உள்ளுக்குள் கந்தனுக்கு நன்றி சொன்னேன்!

மத்தியானம் மிஸ்ஸி, அதாவது வார்டு நர்ஸ், வந்தார். எங்களைப் போல் எஸ்டேட்டில் பிறந்து இந்த வேலைக்கு வந்தவர். அவளை ஆப்பரேஷனுக்குத் தயார் செய்யும்போது இடது கணுக்காலைச் சுற்றித் தோல் கறுத்திருப்பதைப் பார்த்தார். இரண்டு கெண்டைக்காலையும் தொட்டுப் பார்த்தார். கால்மாட்டில் மாட்டியிருந்த தாளை எடுத்தார்.

“அக்கா, இந்தக் காலு எப்பவோ வீங்கியிருக்கு. மறைக்காம சொல்லுங்க.”

அவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். நான் சொல்லித்தந்ததையும் சேர்த்துத்தான்.

மிஸ்ஸி என் பக்கம் திரும்பினார். “ஏன்ணே, பஞ்சாங்கம் பாத்தா ரத்தம் உறையாம இருக்குமா? கால்ல உறைஞ்சது நெஞ்சுக்குப் போச்சுன்னா ஆளே போயிருவாங்க லா! அப்ப எந்தக் குருக்கள்கிட்ட நாள் கேப்பீங்க?”

“தள்ளிப்போட்டுருவாங்கன்னு...”

“யாரு சொன்னா? ஊசி போட்டு, காலுறை மாட்டுவாங்க. அதுக்குத்தான் இந்தத் தாளே. படிக்காமலே பயந்துட்டீங்க. அந்த டாக்டரு படிச்சும் படிக்கல.”

அந்தப் பயிற்சி டாக்டரைக் கூப்பிட்டு, நின்ற இடத்திலேயே தாளை மறுபடி நிரப்ப வைத்தார். “டாக்டர், வயசு நாப்பது தாண்டியாச்சு, அடிவயித்துல பெரிய ஆப்பரேஷன். இதுக்கே ‘குறைவு’ வராது. முன்னால வேற உறைஞ்சிருக்கு.” அவர் காது சிவந்தது. ஆபத்து அதிகம் என்று மாற்றினார். ஊசி போட்டால் ரத்தம் கசியுமா என்று பார்க்க, வயிற்றுப்புண் உண்டா, எங்காவது ரத்தப்போக்கு உண்டா என்று இந்த முறை ஒவ்வொன்றாகக் கேட்டார். பெரிய டாக்டரும் பார்த்து ஒப்புக்கொண்டார். மிஸ்ஸி பாதத்தில் நாடி பார்த்து, காலை டேப்பால் அளந்து, இறுக்கமான வெள்ளைக் காலுறை மாட்டினார். வியாழன் காலை ஆப்பரேஷனுக்கு முன் வயிற்றுத் தோலுக்கடியில் ரத்தம் உறையாமல் இருக்க ஒரு ஊசி. பிறகு எட்டு மணி நேரத்துக்கு ஒன்று.

ஆமாம், அதே வியாழக்கிழமைதான். ஒரு மணி நேரம்கூடத் தள்ளவில்லை. எதற்காகப் பொய் சொன்னேனோ அதற்கு அந்தப் பொய் தேவையே இல்லை. முருகன் நாளைத்தான் கொடுத்தான், பொய் சொல்லச் சொல்லவில்லை. அது என் சொந்தச் சரக்கு.

ஆப்பரேஷன் முடிந்த மறுநாள் அவள் காலுறையோடு மிஸ்ஸி கையைப் பிடித்து நடந்தாள். நான் கைநீட்டினேன். “நீங்க உக்காருங்க” என்றாள். கால் வீங்கவில்லை, மூச்சும் முட்டவில்லை.

இதைப் படிக்கிற நீங்கள் உங்கள் வீட்டில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது என்னை நல்லவனாக்கி, டாக்டர் தலையில் மட்டும் பழியைப் போட்டுவிடாதீர்கள். அவர் கோடு போட்டார். ‘இல்லை’யைச் சொல்லித்தந்தவன் நான். இருக்கிறபடியே சொல்லுங்கள்.