இரண்டு லட்சத்து எண்பத்திரண்டாயிரம்

வீட்டுக்காரர் குவைத்தில் மெக்கானிக். கீரனூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் சொந்தமாக ஒரு ஒர்க்‌ஷாப் போடக் கையில் இரண்டு லட்சத்து எண்பதாயிரம் வேண்டும், அது சேர்ந்த அன்றைக்கே வந்துவிடுவேன் என்பார். லீவில் வந்தபோது என் பெயரில் ஐந்து வருட டெபாசிட் போட்டார். ஃபாரத்தை அவர் நிரப்பினார், காட்டிய இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். ரசீது அரிமளத்தில் மாமியார் பீரோவுக்குப் போனது. என்னிடம் இருந்ததெல்லாம் போனில் எடுத்த பாதிப் படம். அசல் இரண்டு லட்சம், வட்டி ஏழு சதவீதம், அறுபது மாதம். அதற்குக் கீழே ரசீதைப் பிடித்திருந்த அவர் கட்டைவிரல்.

மூன்றும் தெரிந்தால் போதாதா எனக்கு? பிளஸ் டூவில் கணக்கு எடுத்தவள். ஏழு சதவீதத்தை நாலாய்ப் பிரித்தால் மூன்று மாதத்துக்கு ஒன்றே முக்கால். இரண்டு லட்சத்தை 1.0175-ஆல் இருபது தடவை பெருக்கினால் 2,82,956. அவர் ஞாபகம் தாங்காத நாளெல்லாம் கால்குலேட்டரைத் தட்டுவேன். ஒரு ரூபாய்கூட மாறாமல் அதே தொகை வரும். அப்போதுதான் சோறு இறங்கும்.

அதோடு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என் கணக்கில் மூவாயிரத்து ஐந்நூறு ஏறியதாகப் போனில் மெசேஜ் வரும். வீட்டுச் செலவுக்கு மாதாமாதம் அனுப்புவது போக, எனக்கென்று தனியாக அனுப்புகிறார் என்றிருந்தேன். கேட்டால் நிறுத்திவிடுவாரோ என்று வாயே திறக்கவில்லை. மனுசனுக்கு ஆசையைச் சொல்லத் தெரியாது, இப்படிக் காட்டுகிறார் என்று சேலை எடுத்தேன், தோடு மாற்றினேன்.

முடிகிற நாளன்று ரசீதை வாங்கிக்கொண்டு பேங்குக்குப் போனேன். கவுண்டரில் இருந்த அம்மா, கட்டைவிரல் மறைத்திருந்த வரியைத் தொட்டுக் காட்டினார். முதிர்வுத் தொகை: 2,00,000.

“வட்டிய மூணு மாசத்துக்கொருக்கா வெளிய எடுக்குற டெபாசிட்டுங்க இது. வட்டி அசலோட சேராது. ஒங்க கணக்குலதான் ஏறியிருக்கே, பாக்கலையா?”

ஐந்து வருடத்தில் எழுபதாயிரம். அவ்வளவையும் தின்று தீர்த்திருந்தேன். அது போனதைவிட, அவர் அனுப்பவே இல்லை என்பதுதான் பெரிய நஷ்டமாகத் தெரிந்தது. வாசலுக்கு வந்து போன் போட்டேன். எந்தக் கட்டத்தில் டிக் அடித்தார் என்று அவருக்கே நினைவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

“சரி, அப்படியே திருப்பிப் போட்டுரு. நான் இன்னொரு ரெண்டு வருசம் பாத்துட்டு வாரேன்” என்றார்.

இந்த முறை ஃபாரத்தை நானே நிரப்பினேன். வட்டி அசலோடு சேர்கிற கட்டத்தில் அழுத்தி டிக் அடித்தேன். மூன்று மாதம் கழித்து அந்தத் தேதி வந்தது. பணம் வராது என்று எனக்குத் தெரியாதா? இருந்தும் அன்றைக்கு முழுக்கப் போனைக் கையை விட்டு இறக்கவில்லை.